செக்சம்முக்குத் தமிழில் என்ன சொல்வோம்?

கயல்விழி:
நண்பர்களுக்கு வணக்கம். நிறுவி ஒன்றின் செய்திகளைத் தமிழாக்கும்போது `Checksum mismatch` என்ற வரியில் நின்றுவிட்டேன். முன்பு யாரோ "சரிபார்ப்புக் குறியீடு பொருந்தவில்லை" என்று போட்டிருக்கிறார்கள். அத்தை மகன் அதைப் படித்துவிட்டு, "அக்கா, ஓடிபி எதுவும் வரலையே" என்று கைப்பேசியை நீட்டினான். அவன்மேல் தப்பில்லை. அந்தச் சொல் இன்று ஓடிபிக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அவன் டெபியன் நிறுவல் கோப்பை இறக்கும்போது இணைப்பு இரண்டு தடவை அறுந்திருக்கிறது. பதிவிறக்க மென்பொருள் 100% காட்டியது, கோப்பின் அளவும் தளத்தில் உள்ளபடியே இருந்தது. கோப்பு சிதையாமல் வந்ததா என்று ஒப்பிட, செக்சம்கள் உள்ள `SHA256SUMS` கோப்பையும் தளத்திலிருந்து எடுத்து அதே அடைவில் வைத்துப் பார்த்தேன்.

```
$ sha256sum -c --ignore-missing SHA256SUMS
debian-12.5.0-amd64-netinst.iso: FAILED
```

இந்தச் செக்சம்முக்கு ஒரு நல்ல சொல் வேண்டும்.

முத்துவேல்:
"சரிபார்ப்புத் தொகை" இருக்கிறதே அம்மா. சம் என்றால் தொகை. கோப்பிலுள்ள பைட்டுகளைக் கூட்டி வரும் எண்தான் அது. அளவு சரியாக இருக்கிறதென்றால் கோப்பு முழுதாக வந்துவிட்டது, கோளாறு வேறெங்கோ.

நிர்மலா:
ஐயா சொல்வது பழைய முறைக்குப் பொருந்தும். ஆனால் வெறும் கூட்டல் பல பிழைகளைத் தவறவிடும். 12, 7, 30 என்று மூன்று பைட்டுகள். கூட்டினால் 49. முதல் இரண்டும் இடம் மாறி 7, 12, 30 என்று வந்தாலும் அதே 49தான். SHA256 இப்படி வெறுமனே கூட்டுவதில்லை. ஒரே ஒரு பிட் மாறினாலும் விடையில் ஏறக்குறைய பாதிப் பிட்டுகள் மாறிவிடும். அந்த விடை 64 குறிகள் நீளம், எண்களோடு a முதல் f வரையான எழுத்துகளும் கலந்தது. பார்ப்பவருக்கு அது தொகையாகவே தோன்றாது.

அளவை நம்பவும் முடியாது. சில பதிவிறக்க மென்பொருள்கள் தொடங்கும்போதே வட்டில் முழு இடத்தையும் பிடித்து, சுழியங்களால் நிரப்பிவிடும். நடுவில் ஒரு துண்டு வராமல் போனாலும் அளவு மட்டும் சரியாகவே இருக்கும். கயல், முழுதையும் மறுபடி இறக்காதீர்கள். அதே பதிப்பின் டொரண்டைத் திறந்து, இந்தக் கோப்பு இருக்கும் அடைவைக் காட்டி, மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி ஹாஷ் இருப்பதால் கெட்ட துண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

சலீம்:
எனக்கும் இதே பிரச்சினை. நான் செக்சம் பார்த்தேன், OK என்றுதான் வந்தது. ஆனால் கடையில் பென்டிரைவில் ஏற்றி நிறுவினால் பாதியில் நிற்கிறது. அப்போ இந்தச் சோதனையை எப்படி நம்புவது?

நிர்மலா:
சலீம், நீங்கள் சோதித்தது வட்டில் இருக்கும் கோப்பை. பென்டிரைவில் எழுதும்போது கெட்டிருந்தால் அது இதில் தெரியாது. வேறு பென்டிரைவில் எழுதிப் பாருங்கள்.

கயல்விழி:
டொரண்ட் வழி வேலை செய்தது அக்கா, சில நிமிடங்களில் OK வந்துவிட்டது. நன்றி.

சொல்லுக்கு வருகிறேன். அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்போம் இல்லையா, மூலத்தோடு வரிவரியாக ஒத்துப் பார்ப்பது? அதைவைத்து "மெய்ப்புச் சரம்" என்று சொன்னால்?

நிர்மலா:
அழகான சொல். ஆனால் "மெய்" என்றதும் கோப்பு உண்மையானது என்று உறுதி தருவதுபோல் ஆகிவிடும். இது அந்த உறுதியைத் தராது. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள் பதிவிறக்க இணைப்பையே பின்கதவு வைத்த கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். தளத்தை மாற்ற முடிந்தவருக்குப் பக்கத்திலேயே போட்டிருக்கும் சரத்தை மாற்றுவது பெரிய வேலையில்லை. கோப்பு யாரிடமிருந்து வந்தது என்பதற்கு `SHA256SUMS.sign` கையொப்பத்தைத்தான் பார்க்க வேண்டும். வழியில் சிதைந்ததா இல்லையா என்று சொல்வதோடு செக்சம்மின் வேலை முடிந்தது. அதனால் "ஒப்புச்சரம்" என்கிறேன். இரண்டு சரங்களை ஒப்பிடுகிறோம், அவ்வளவே.

முத்துவேல்:
கூட்டல் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் "ஒப்புச்சரம்" எனக்கு உறுத்துகிறது. எங்கள் பக்கம் "ஒப்புக்குச் செய்தான்" என்றால் கடமைக்குச் செய்தான் என்று பொருள். ஒப்புக்கு வைத்த சரமோ என்று தோன்றிவிடும். தவிர, தொகை என்பதற்குத் திரட்டு என்ற பொருளும் உண்டு. எட்டுத்தொகையில் யாரும் எதையும் கூட்டவில்லை. கோப்பு முழுவதையும் திரட்டிச் சுருக்கிய ஒன்றுக்கு அது பொருந்தாதா?

நிர்மலா:
எட்டுத்தொகையை நான் நினைக்கவே இல்லை, ஐயா. "தொகை"க்கு அது நல்ல வலுதான். ஆனால் பெட்டிக்குள் ஓடும் செய்தியைப் படிப்பவர் முதலில் பணத்தொகையை நினைப்பாரே என்ற தயக்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

கயல்விழி:
அடுத்த பதிப்புக்குச் சரங்களை நாளை அனுப்பியாக வேண்டும். இப்போதைக்கு "ஒப்புச்சரம் பொருந்தவில்லை. கோப்பு சிதைந்தோ குறைந்தோ வந்திருக்கலாம், மறுபடி பதிவிறக்குங்கள்" என்று போடுகிறேன். அத்தை மகனிடம் காட்டினேன், ஓடிபி தேடவில்லை. "தொகை"யைச் சொற்பட்டியலில் மாற்றுச்சொல்லாக வைத்திருக்கிறேன். ஹாஷுக்கும் தனிச்சொல் வேண்டுமா என்பதை இன்னும் யாரும் சொல்லவில்லை.