காய்ச்சல் போய் ஐந்து வாரம், தலைவலி மட்டும் போகவில்லை. உங்கள் அனுபவம்?

கரூர்க்காரி (டிசம்பர் 10)

நவம்பர் 2 ராத்திரி குளிரோடு காய்ச்சல் வந்தது. நாலு நாள் 102, 103 என்று அடித்தது. டெங்கு டெஸ்ட் நெகட்டிவ், தட்டணுக்களும் இறங்கவில்லை. ‘வைரல் ஃபீவர்தான், ஓய்வு எடுங்கள்’ என்றார்கள். ஆறாம் தேதி காய்ச்சல் நின்றது. ஆனால் முதல் நாள் வந்த தலைவலி இன்று வரை உட்கார்ந்திருக்கிறது.

காலையில் லேசாக இருக்கும். ஆபீஸில் கணக்கு ஷீட்டைத் திறந்து இரண்டு மணி நேரம் பார்த்தால் கண்ணுக்குப் பின்னாலிருந்து கிளம்பி, மூன்று மணிக்குள் தலையைச் சுற்றித் துண்டை முறுக்கிக் கட்டியது போல் ஆகிவிடும். வெயிலும் தாளிப்பு வாசனையும் ஆகவில்லை. வயது 34. வேறு நோய் இல்லை. வீட்டில் ‘எல்லாம் மொபைல்தான்’ என்கிறார்கள். யாருக்காவது இப்படி வாரக்கணக்கில் இருந்ததா? எப்போது போனது?

திண்ணைப்பேச்சு

அம்மா, இது தலையில் நீர் கோத்துக்கொண்டது. காய்ச்சலில் தலைக்குக் குளித்திருப்பீர்கள். நொச்சி இலை போட்டு மூன்று நாள் ஆவி பிடியுங்கள், இறங்கிவிடும். எனக்கு போன மழைக்காலத்தில் இதேபோல் இருபது நாள் வலித்தது. கன்னம் கனத்து, குனிந்தால் மண்டை விழுந்துவிடும் போல் இருந்தது. சைனஸ் என்று மருந்து கொடுத்தார்கள், சரியானது.

முடிகொட்டி

எனக்கும் போன வருஷம் வைரல் வந்தது. தலைவலி இல்லை, ஆனால் இரண்டரை மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பயந்து எண்ணெய், ஷாம்பு என்று நாலாயிரம் ரூபாய் செலவழித்த பிறகுதான், பெரிய காய்ச்சலுக்குப் பின் இப்படிக் கொட்டிவிட்டு முளைக்கும் என்றார் தோல் மருத்துவர். கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான். காய்ச்சல் என்றதும் சொல்லத் தோன்றியது.

ராத்திரி டியூட்டி

நரம்பியல் வார்டில் பதினோரு வருஷம் நர்ஸாக இருந்தேன். மழைக்காலம் முடிந்ததும் இதே புகாரோடு வருபவர்கள் நிறைய.

திண்ணைப்பேச்சு ஐயா சொன்னது அவருடைய வலிக்குச் சரி. குனிந்தால் கூடுவது, கன்னத்தில் கனம், மூக்கில் கெட்டியாக மஞ்சள் சளி, வாசனை தெரியாமல் போவது எல்லாம் சைனஸ் பக்கம் காட்டும். கரூர்க்காரிக்கு வாசனை தெரியாமல் போகவில்லை, கூடுதலாகக் குத்துகிறது. வெளிச்சமும் ஆகவில்லை. இது வேறு வகை.

மூளைக்கு வலி தெரியாது. அதைச் சுற்றியிருக்கும் உறைக்கும் அதிலுள்ள ரத்தக் குழாய்களுக்கும்தான் தெரியும். முகத்துக்கு வருகிற அதே முக்கிளை நரம்பின் கிளைகள்தான் அங்கேயும் ஓடுகின்றன. வைரஸை எதிர்க்க உடம்பு சுரக்கும் ரசாயனங்கள் காய்ச்சலை உண்டாக்குவதோடு இந்த நரம்பையும் உசுப்பிவிடுகின்றன. வைரஸ் போய்விடும், நரம்பு உடனே அடங்காது. காரமாக மிளகாய் கடித்த நாக்கில் வெறும் வெந்நீர் பட்டாலும் எரிகிறதல்லவா? தப்பு வெந்நீரில் இல்லை. அதுபோல, முன்பு தொந்தரவே செய்யாத ஸ்கிரீனும் வெயிலும் இப்போது வலிக்கின்றன. ஆகவே வீட்டில் சொல்வதும் பாதி சரிதான். மொபைல் வலியைக் கூட்டும், ஆனால் ஆரம்பித்தது அது இல்லை.

பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடும். சிலருக்கு ஆறு, எட்டு வாரம் இழுக்கும். மூன்று மாதம் தாண்டினால்தான் மருத்துவர்கள் அதை நாள்பட்ட தலைவலி என்று தனியாக எடுத்துப் பார்ப்பார்கள்.

இரண்டு கேள்வி. சின்ன வயதில் உங்களுக்கோ, உங்கள் அம்மாவுக்கோ ஒற்றைத் தலைவலி இருந்ததா? இந்த ஐந்து வாரத்தில் எத்தனை மாத்திரை போட்டீர்கள்? சும்மா ‘அப்பப்போ’ என்று சொல்லாமல் அட்டையை எடுத்து எண்ணிச் சொல்லுங்கள்.

கரூர்க்காரி

எண்ணிப் பார்த்து எனக்கே திக்கென்றது. பாராசிட்டமால் 650, பதினைந்து மாத்திரை அட்டை இரண்டு காலி, மூன்றாவதில் பதினொன்று போயிருக்கிறது. மொத்தம் 41. காய்ச்சல் நின்ற பிறகான 34 நாளில் மாத்திரை போடாத நாள் ஐந்துதான். அதோடு பக்கத்துக் கடையில் தலைவலிக்கென்று தரும் காஃபின் கலந்த மாத்திரை ஒரு பன்னிரண்டு இருக்கும். அதை எதிலும் எழுதி வைக்கவில்லை.

அம்மாவுக்கு ஒற்றைத் தலைவலி உண்டு, வாந்தி எடுத்து இருட்டறையில் படுத்துவிடுவார். எனக்கும் பிளஸ் டூ படிக்கும்போது மாதம் ஒருமுறை வரும். அப்புறம் நின்றுவிட்டதால் மறந்தே போனேன்.

ராத்திரி டியூட்டி

நினைத்தேன். அந்தச் சுபாவம் உள்ளவர்களுக்குக் காய்ச்சல் ஒரு தூண்டுகோல் ஆகிவிடும். மாத்திரைக் கணக்குதான் எனக்குக் கவலை. வெறும் பாராசிட்டமால் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கலவை மாத்திரை 10 நாளோ அதற்கு மேலோ என்று மூன்று மாதத்துக்கு மேல் போனால், மாத்திரையே தலைவலியைத் தக்கவைக்க ஆரம்பிக்கும். ஒரு வேளையின் வேகம் இறங்கும்போது வலி ஏறும், அதற்கு இன்னொன்று போடுவோம். நீங்கள் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை தங்கை, ஆனால் அந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருக்கிறீர்கள். ஐந்து வாரம் ஆகிவிட்டது, ஒருமுறை நேரில் காட்டிவிடுங்கள். மாத்திரைக் கணக்கைத் தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.

ஆரணிப்பட்டு

இங்கே எல்லாரும் ‘தானாகப் போகும்’ என்பதால் இதையும் சொல்ல வேண்டும். என் மச்சான், 29 வயது. காய்ச்சல் வந்து போனது, தலைவலி மட்டும் போகவில்லை. நாங்களும் வைரலுக்குப் பின்னால் வருவது என்றே நினைத்தோம். மூன்றாம் வாரக் கடைசியில்தான் கவனித்தோம், சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுட்டது. 99, 100 தான் காட்டும், அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சட்டை தொளதொளத்தது. சாப்பாட்டைத் தள்ளிவிட்டான். வலி நாளுக்கு நாள் ஏறியதே தவிர ஒரு நாளும் இறங்கவில்லை. ஒரு நாள் காலையில் வாந்தி. எதிரே வந்த வண்டி இரண்டாகத் தெரிகிறது என்றான். அன்று இரவு பேச்சு குழறியது.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்ததில் மூளை உறையில் காசநோய். ஒரு வருஷம் மருந்து சாப்பிட்டான், இப்போது வேலைக்குப் போகிறான், ஆனால் இடது காது மந்தம். முதலில் காட்டிய கிளினிக்கில் யாரும் கழுத்தை மடக்கிக்கூடப் பார்க்கவில்லை என்ற கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. சகோதரி, தயவுசெய்து சாயங்காலம் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள்.

ராத்திரி டியூட்டி

ஆரணிப்பட்டு சொன்னதை எல்லாரும் இன்னொரு முறை படியுங்கள். வைரலுக்குப் பிந்திய வலி ஏறி இறங்கி, மொத்தத்தில் தேய்ந்துகொண்டே போகும். ஏறிக்கொண்டே போவது அந்த ஜாதி இல்லை. திரும்ப வரும் காய்ச்சல், கழுத்து விறைப்பு, வாந்தி, பார்வை மங்குவது அல்லது இரட்டையாகத் தெரிவது, குழப்பம், வலிப்பு, கை கால் பலவீனம், படுத்தால் கூடி தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, இதில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. பிரசவமாகிச் சில வாரமே ஆனவர்களும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களும் இன்னும் சீக்கிரம் போக வேண்டும், மூளையின் சிரையில் ரத்தம் உறையும் வாய்ப்பு அவர்களுக்குக் கூடுதல்.

தேதி மறக்காதவன்

2022 ஜனவரி 19, காலை பல் துலக்கும்போது. என் தலைவலிக்குப் பிறந்த தேதி. கோவிட் வந்த மூன்றாம் நாள். அன்றிலிருந்து ஒரு மணி நேரம்கூட முழுதாக விட்டதில்லை. ஸ்கேன், ரத்தக் குழாய் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் சரி. தினமும் நீடிக்கும் புதிய தலைவலி என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். எந்த நாள் ஆரம்பித்தது என்று நோயாளியே துல்லியமாகச் சொல்வதுதான் அதன் அடையாளமாம்.

இதை 1986-இல் முதலில் விவரித்தவர் வேனாஸ்ட் என்ற கனடா மருத்துவர். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வருஷத்துக்குள் தானே போய்விடுகிறது என்று எழுதினார். பின்னால் தலைவலி கிளினிக்குகளுக்கு வந்தவர்களிடம் அவ்வளவு நல்ல கதை இல்லை. தானாகச் சரியானவர்கள் கிளினிக்குக்கு ஏன் வரப்போகிறார்கள் என்றும் யோசிக்கலாம். எனக்கு பத்துக்கு ஏழாக இருந்த வலி இப்போது மூன்று. எந்த மருந்தால், அல்லது வெறும் காலத்தாலா, தெரியாது. கரூர்க்காரி பயப்பட வேண்டாம், என்னைப் போல் இழுப்பவர்கள் குறைவு. வலிக்கு எண் போட்டு தினமும் குறித்து வையுங்கள். மாதம் முடிந்து பார்த்தால்தான் இறங்குவது தெரியும்.

திண்ணைப்பேச்சு

ஆவி பிடிப்பதில் என்ன கெடுதல் என்றுதான் கேட்கிறேன்.

ராத்திரி டியூட்டி

கெடுதல் இல்லை ஐயா, மூக்கு அடைத்திருந்தால் இதமாக இருக்கும். பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்து வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

கரூர்க்காரி (ஜனவரி 27)

ஒன்றரை மாதம் கழித்து வருகிறேன். டிசம்பர் 13 பெரிய டாக்டரைப் பார்த்தேன். கழுத்தை மடக்கினார், விளக்கு வைத்துக் கண்ணுக்குள் நரம்பைப் பார்த்தார், பிபி பார்த்தார். ஸ்கேன் இப்போது தேவையில்லை என்றார். ஒரு வாரம் சாயங்காலம் தெர்மாமீட்டர் வைத்தேன், 98.6 தாண்டவில்லை. ஹீமோகுளோபின் 9.6 இருந்தது, அதற்கு இரும்புச்சத்து மாத்திரை.

கடை மாத்திரையை அடியோடு நிறுத்தச் சொன்னார். பாராசிட்டமால் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் கூடாது. ராத்திரி எட்டரைக்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம். அது மன அழுத்தத்துக்கான மாத்திரை என்று கடைக்காரர் சொன்னதும் ஒரு நாள் போடாமல் வைத்துவிட்டேன். போனில் கேட்டால், இந்தச் சின்ன அளவில் வலி நரம்பை அடக்கத்தான் என்றார்.

மாத்திரை நிறுத்திய முதல் ஆறு நாள் நரகம். வலி எட்டுக்கு ஏறியது, ஒரு நாள் லீவு போட்டேன். இப்படி ஆகும் என்று முன்பே சொல்லியிருந்ததால் தாக்குப்பிடித்தேன். வாய் வறண்டது, காலையில் எழவே முடியவில்லை. மூன்றாம் வாரம்தான் வித்தியாசம் தெரிந்தது. நோட்டில் டிசம்பர் சராசரி ஆறு. இந்த மாதம் இரண்டு, அதிலும் பதினான்கு நாள் பூஜ்யம். மாதக்கடைசிக் கணக்கு வேலை வந்தால் மட்டும் மூன்று மணிக்கு எட்டிப் பார்க்கிறது. ராத்திரி மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று அடுத்த முறை பேசலாம் என்றிருக்கிறார்.

மச்சான் கதை எழுதிய அண்ணனுக்கு நன்றி. முடிகொட்டி அண்ணா, உங்களை அன்று மனதுக்குள் திட்டினேன். போன வாரத்திலிருந்து சீப்பு நிறைய வருகிறது. எந்த மாதம் நின்றது என்று கொஞ்சம் சொல்லுங்கள்.