இன்வர்ட்டிங் ஆப்-ஆம்ப்: கணக்கில் −5 வோல்ட், மீட்டரில் −2.55 வோல்ட். எங்கே தவறு?

வேளச்சேரி டிப்ளமா
வணக்கம். 741 ஐ.சி.யை வைத்து பிரெட்போர்டில் இன்வர்ட்டிங் ஆம்ப்ளிஃபயர் அமைத்திருக்கிறேன். R1 1 கிலோ ஓம், Rf 10 கிலோ ஓம். பெருக்கம் −10 என்பதால், 0.5 வோல்ட் கொடுத்தால் −5 வோல்ட் வர வேண்டும். ஆனால் −2.55 தான் வருகிறது. ஐ.சி.யை மாற்றியும் பயனில்லை. நாளை ரெக்கார்டு சமர்ப்பிக்க வேண்டும், தயவுசெய்து உதவுங்கள்.

கிண்டி பணிமனை
ஐ.சி.க்கு என்ன மின்னழுத்தம் கொடுத்திருக்கிறீர்கள்? அந்த 0.5 வோல்ட் எங்கிருந்து வருகிறது, அதை எந்த நிலையில் அளந்தீர்கள்? இவை தெரியாமல் எதையும் சொல்ல இயலாது.

ரிச்சி தெரு வாடிக்கையாளர்
எனக்கும் இப்படித்தான் ஆயிற்று. ஒரே ஒரு 9 வோல்ட் பேட்டரியில் 741-ஐ ஓட்டினேன்; உள்ளீட்டை எவ்வளவு கூட்டினாலும் வெளியீடு 2 வோல்ட் அருகிலேயே நின்றுவிட்டது. எதிர்மின் சப்ளை இல்லாவிட்டால் வெளியீடு கிரவுண்டுக்குக் கீழே இறங்காது. இரண்டாவது பேட்டரியை வாங்கிச் சேருங்கள்.

ஈயப்பற்று
மேலே உள்ளவர் கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை. இவருக்கு வெளியீடு எதிர்மின்னாகவே வருகிறது. எனவே எதிர்மின் சப்ளை இருக்கிறது. விடையோ கண்முன்னே உள்ளது. 2.55-ஐ 0.5-ஆல் வகுத்தால் 5.1. ஆகவே Rf-க்கு 5.1 கிலோ ஓம் செருகியிருக்கிறார். நிறப்பட்டைகளைப் படிக்கக் கற்றுக்கொண்ட பிறகு ஆப்-ஆம்புக்கு வரலாம் என்று இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன்.

வேளச்சேரி டிப்ளமா
Rf-இல் பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு, தங்கம் என்று இருக்கிறது. சப்ளை ±12 வோல்ட். 5 வோல்ட்டின் குறுக்கே 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரை வைத்து, நடுமுனையை மீட்டரில் பார்த்து 0.5-க்குத் திருப்பிவிட்டு, அதன் பிறகுதான் R1-உடன் இணைத்தேன்.

கிண்டி பணிமனை
தவறு அங்கேதான் இருக்கிறது. நிறப்பட்டைகளைச் சரியாகவே படித்திருக்கிறீர்கள், 5.1 என்பது தற்செயலாகப் பொருந்திய எண்.

ஆப்-ஆம்ப் தன் 2-ஆம் பின்னை 3-ஆம் பின்னின் மின்னழுத்தத்திலேயே, அதாவது இங்கே கிரவுண்ட் அளவிலேயே, பிடித்து வைத்திருக்கிறது. எனவே உங்கள் பொட்டென்ஷியோமீட்டரின் பார்வையில், நடுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோ ஓம் இணைத்தது போல்தான் இருக்கும். 0.5 வோல்ட் நிலையில் நடுமுனைக்கு மேலே 9 கிலோ ஓமும் கீழே 1 கிலோ ஓமும் உள்ளன. இரண்டும் பக்க இணைப்பாக 0.9 கிலோ ஓம் ஆகி, R1-உடன் தொடராகச் சேர்ந்துகொள்கின்றன.

```
I    = 0.5 V / (0.9k + 1k) = 0.263 mA
Vout = -0.263 mA × 10k     = -2.63 V
```

சூத்திரம் பொய்க்கவில்லை; அதில் நீங்கள் இட்ட Vin-தான் இணைத்த கணத்தில் பாதியாகிவிட்டது. இணைத்த நிலையிலேயே நடுமுனையை அளந்து பாருங்கள், 0.26 அருகே இருக்கும்.

ஈயப்பற்று
அப்படியானால் R1-ஐ 100 கிலோ ஓமாகவும் Rf-ஐ 1 மெகா ஓமாகவும் மாற்றினால் போதுமே. விகிதம் மாறாது, சுமையும் குறையும்.

கிண்டி பணிமனை
சுமை குறையும் என்பது சரிதான். ஆனால் 741-இன் உள்ளீட்டு பயாஸ் மின்னோட்டம் வழக்கமாக 80 நானோ ஆம்பியர். அது 1 மெகா ஓம் வழியே சென்றால் வெளியீட்டில் 80 மில்லிவோல்ட் பிழையை உண்டாக்கும், மோசமான ஐ.சி.யில் அதைப் போல் பல மடங்கு. 10 கிலோ ஓம், 100 கிலோ ஓம் என்று நடுவழியைப் பிடித்தாலும் −4.59 தான் கிடைக்கும். இன்னொரு 741-இல் 6-ஆம் பின்னை 2-ஆம் பின்னுடன் இணைத்து, நடுமுனையை 3-ஆம் பின்னுக்குக் கொடுத்து இடையில் வைப்பதே என் விருப்பம்.

ஈயப்பற்று
3-ஆம் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 91 கிலோ ஓம் வைத்தால் பயாஸ் பிழை பெருமளவு நீங்கிவிடும். ஒரு ரெசிஸ்டரில் முடிகிற வேலைக்கு இன்னொரு ஐ.சி.யைச் செலவிடுவது எனக்கு ஒப்புதல் இல்லை.

கிண்டி பணிமனை
நீங்கும், ஆனால் இரண்டு உள்ளீடுகளின் மின்னோட்டங்களுக்கும் இடையிலான வேறுபாடு மிஞ்சும். தவிர, பொட்டென்ஷியோமீட்டரைத் திருப்பத் திருப்ப மூல மின்தடை மாறுகிறது. நடுவில் அது 2.5 கிலோ ஓம். உங்கள் முறையில் பெருக்கமும் சிறிதளவு அதனோடு மாறிக்கொண்டே இருக்கும்.

வேளச்சேரி டிப்ளமா
இணைத்த நிலையில் நடுமுனை 0.26. அப்படியே வைத்துக்கொண்டு 0.5-க்குத் திருப்பினேன், வெளியீடு −4.9 வந்துவிட்டது. மிக்க நன்றி.

ரிச்சி தெரு வாடிக்கையாளர்
−5 வரவில்லையே, அந்த 0.1 எங்கே போயிற்று?

கிண்டி பணிமனை
தங்கப் பட்டை என்றால் ஒவ்வொரு ரெசிஸ்டரும் 5 சதவீதம் வரை விலகலாம். 2 சதவீத வேறுபாட்டுக்கு அதுவே போதும். ஆயினும் ஐ.சி.யின் ஆஃப்செட் மின்னழுத்தத்துக்கும் அதில் பங்கு இருக்கலாம். R1-ஐயும் Rf-ஐயும் போர்டிலிருந்து கழற்றித் தனித்தனியே அளந்து, அந்த இரண்டு எண்களையும், உள்ளீட்டு முனையை கிரவுண்டில் இணைக்கும்போது வரும் வெளியீட்டையும் இங்கே எழுதுங்கள்.