சுருட்டை முடி போர்ட்ரெய்ட்: ஓரத்துல எரியற ஃப்ரிஸ் போகணும், சுருள் நேராகக் கூடாது

லென்ஸ்தம்பி
ரிசப்ஷன் போர்ட்ரெய்ட் ஒண்ணு, மெரூன் பேக்ட்ராப், பொண்ணுக்கு நல்ல சுருட்டை முடி, விரிச்சு விட்டிருக்காங்க. பின்னாடி இடது பக்கம் வச்ச ஹேர் லைட் ஓவராயிடுச்சு, தலையச் சுத்திப் பறக்கற முடியெல்லாம் வெள்ளையா எரியுது. அவங்க கேட்டது ஒண்ணுதான், "நிச்சயதார்த்த ஆல்பத்துல என் முடிய அயர்ன் பண்ண மாதிரி ஆக்கிட்டாங்க, இதுல என் சுருட்டை அப்படியே இருக்கணும்". 24 மெகாபிக்சல், ரா ஃபைல் இருக்கு, 12x36 ஷீட்ல ஒரு பாதி முழுக்க இந்தப் படம்தான். எப்படி எடிட் பண்றது?

ஃபாஸ்ட்_எடிட்ஸ்
ப்ரோ இதுக்கு ரொம்ப யோசிக்காதீங்க. லைட்ரூம்ல முடிக்கு மட்டும் மாஸ்க் போட்டு டெக்ஸ்சர் +40, க்ளாரிட்டி +25, சுருள் சும்மா பளிச்சுனு வரும். ஓரத்த ஃபோட்டோஷாப்ல ஃப்ரீக்வன்சி செப்பரேஷன் போட்டு லோ லேயர்ல ப்ளர் பண்ணிடுங்க. அஞ்சு நிமிஷ வேலை, நான் எல்லா கல்யாணத்துக்கும் இதான் பண்றேன்.

கர்லி_கயல்
எனக்கும் இதே முடிதான். தலை குளிச்சதும் ஈரமா இருக்கப்பவே லீவ்-இன் போட்டு மேல ஜெல் போட்டு, டவல்ல தேய்க்காம பழைய பருத்தி டீஷர்ட்ல ஒத்தி எடுத்தா ஃப்ரிஸ் பாதி குறையும். சீப்பு மட்டும் காஞ்ச முடியில வைக்கவே வைக்காதீங்க.

லென்ஸ்தம்பி
அக்கா, படம் எடுத்து முடிச்சாச்சு, இனிமே எடிட்டிங் மட்டும்தான் :)

ராத்திரி_ரீடச்சர்
தம்பி, டெக்ஸ்சர முதல்ல தொடாதீங்க. அந்த ஸ்லைடருக்கு எது சுருள் எது பறக்கற முடின்னு தெரியாது, ஒரு குறிப்பிட்ட அளவுல இருக்கற நுணுக்கம் எல்லாத்துக்கும் கான்ட்ராஸ்ட் ஏத்தும். சுருளுக்குள்ள இருக்கற இழையும் வெளிய பறக்கற இழையும் ஒரே தடிமன், அதனால ரெண்டும் சேர்ந்து ஏறும், எரியறது இன்னும் எரியும். க்ளாரிட்டி அதுக்கும் மேல, கருப்பு முடி ஓரத்துல அகலமா ஒரு புது வெளிச்சப் பட்டைய அதுவே உண்டாக்கும். உங்க படத்துல இப்ப இருக்கற ஒளிவட்டம் எந்த வகைன்னு 100%ல வச்சுப் பாருங்க. ஓரத்த ஒட்டி ஒரே அகலத்துல வழுவழுன்னு ஓடுச்சுன்னா அது ஷார்ப்பனிங்கால வந்தது, ஸ்லைடரக் குறைச்சா போயிடும். தனித்தனி நூலா தெரிஞ்சா அது நிஜ முடி, கையாலதான் எடுக்கணும்.

நிஜ முடின்னு வச்சுச் சொல்றேன். முதல் வேலை ராவுலயே, ஓரத்துல மட்டும் மாஸ்க் போட்டு ஹைலைட்ஸ நல்லா இறக்குங்க. வெள்ளையா இருக்கற முடியில பாதி ப்ரவுனுக்குத் திரும்பிடும், அதுக்கப்புறம் எடுக்க வேண்டியதே குறைஞ்சிடும். முழுசா வெந்து போனதுக்குக் கலர் திரும்பாது, சாம்பலா நிக்கும், அது மட்டும்தான் எடுத்தே ஆகணும்.

அடுத்து ஃபோட்டோஷாப்ல புது காலி லேயர், க்ளோன் ஸ்டாம்ப், சாம்பிள் `Current & Below`, அந்த லேயரோட ப்ளெண்ட் மோட `Darken`ல வைங்க. இதுதான் முக்கியம். அந்த மோட்ல நீங்க எடுத்த மெரூன விட வெளிச்சமா இருக்கற பிக்சல் மட்டும்தான் மாறும், மெரூன விடக் கருப்பா இருக்கற சுருள் மேல ப்ரஷ் பட்டாக்கூட ஒண்ணும் ஆகாது. வெள்ளைச் சுவர் முன்னாடி கருப்பு முடி பறந்தா இதே வேலைய `Lighten`ல பண்ணணும். பேக்ட்ராப் ஒரு பக்கம் வெளிச்சமாவும் ஒரு பக்கம் இருட்டாவும் இருக்கும், அதனால எடுக்கற இடத்துக்குப் பக்கத்துலயே சாம்பிள் எடுத்துக்கிட்டே போங்க, தூரத்துல எடுத்தா திட்டுத் திட்டா தெரியும்.

எத எடுக்கறது எத விடறதுங்கறதுக்கு நான் வச்சிருக்கற கணக்கு: வெளிய போய் வளைஞ்சு திரும்ப கொத்துக்குள்ள வர்ற முடி சுருளோட பாகம், அதத் தொடாதீங்க. வெளிய போயி நுனி அந்தரத்துல நிக்கற முடிதான் ஃப்ரிஸ்.

ஃபாஸ்ட்_எடிட்ஸ்
அக்கா நீங்க சொல்றது மேகசின் வேலை. ஒரு ஆல்பத்துல நூறு பக்கம் இருக்கும், ஒரு படத்துக்கு ரெண்டு மணி நேரம் யார் குடுப்பா? ஃப்ரீக்வன்சி செப்பரேஷன்ல என்ன தப்பு, ஸ்கின்னுக்கு எல்லாரும் அதான பண்றாங்க.

ராத்திரி_ரீடச்சர்
ஸ்கின் வேற தம்பி. சுருட்டை முடியில உருவத்தக் காட்டறதே அந்த பளபளப்புப் பட்டைதான், ஒவ்வொரு வளைவுலயும் ஒரு வெளிச்சம், அடுத்து ஒரு இருட்டு, திரும்ப வெளிச்சம். அது பூரா லோ லேயர்லதான் கிடக்குது. நீங்க லோ லேயர ப்ளர் பண்ணா வெளிச்சமும் இருட்டும் கலந்து ஒரே ப்ரவுனாயிடும், மேல ஹை லேயர்ல இழை மட்டும் மிதக்கும். அந்தப் பொண்ணு சொன்னாங்களே அயர்ன் பண்ண மாதிரின்னு, அங்க யாரும் முடிய நிமிர்த்தியே இருக்க மாட்டாங்க, லோ லேயர ப்ளர் பண்ணிருப்பாங்க, வளைவு செத்துப் போயிருக்கும். ஹை லேயர்ல மட்டும், கொத்துக்குக் குறுக்கால படுத்திருக்கற ஒத்தை முடிய ஹீல் பண்றதுன்னா நான் ஒத்துக்கறேன், அதுக்கு நல்ல வழிதான் அது. சோர்ஸ அதே திசையில ஓடற கொத்துலேருந்து எடுக்கணும், அவ்வளவுதான்.

பழைய_ஸ்டுடியோ
நான் இருட்டறை காலத்துலேருந்து இருக்கேன், ஒரு கணக்கு சொல்றேன். ஷீட்ல பாதின்னா 18 இன்ச் அகலம், ஃபைல் 6000 பிக்சல், அப்ப இன்ச்சுக்கு 333 பிக்சல் விழும். ஒரு பிக்சல் தடிமன் முடிய ஆல்பம் புரட்டறவங்க கண்ணு பார்க்கவே பார்க்காது. 50%ல வச்சுப் பாருங்க, அதுல உறுத்தறத மட்டும் எடுங்க, 200%ல உட்கார்ந்து ஒவ்வொண்ணா பிடுங்கறதுல வேலையும் வீண், முடியும் விக் மாதிரி ஆகும். இன்னொண்ணு, பின்னாடி லைட் வச்சதே அந்த ஓர வெளிச்சத்துக்காகத்தான். அதப் பூரா எடுத்துட்டா தலை பேக்ட்ராப்போட ஒட்டிக்கும், மெரூன்ல கருப்பு முடி தனியா பிரிஞ்சே தெரியாது.

ராத்திரி_ரீடச்சர்
அண்ணே 50% கணக்கு சரி, நானும் அப்படித்தான் முடிவு பண்ணுவேன். ஆனா மெல்லிசா இருக்கறதால தெரியாதுன்னு சொல்றத நான் ஏத்துக்க மாட்டேன், இருட்டு மேல வெந்து போன வெள்ளை ஒத்தப் பிக்சலா இருந்தாலும், நூறு நுனி பக்கத்துல பக்கத்துல நின்னா தூரத்துல பனி மூட்டம் மாதிரி விழும். அவங்களுக்கு உறுத்தறதும் அந்த மூட்டம்தான்.

விக் ஆகறது பத்தி நீங்க சொன்னது முழுக்க சரி. தம்பி, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி முடி அகலமா இருக்கற இடத்துல ரெண்டு பக்கமும் ஒரு கைடு லைன் போட்டு வைங்க, முடிச்சப்புறம் சுருளோட ஓரம் அந்த லைன விட உள்ள போயிருந்தா நீங்க ஃப்ரிஸ எடுக்கல, முடியோட பருமனையே வெட்டியிருக்கீங்க. பருமன் குறைஞ்சா பார்க்கறவங்களுக்கு நேராக்குன மாதிரியே இருக்கும். அதே மாதிரி முன்னாடி விழற ஒரு கொத்துல எத்தன வளைவுன்னு எண்ணி எழுதி வச்சுக்கோங்க, கடைசில திரும்ப எண்ணுங்க.

லென்ஸ்தம்பி
பண்ணிப் பார்த்தேன் அக்கா, படத்தையும் இங்க போட்டிருக்கேன். ராவுல ஹைலைட்ஸ் இறக்கினதுலயே பாதி அமைதியாயிடுச்சு. ஆனா இடது பக்கம் லைட் பட்ட ரெண்டு மூணு சுருள் `Darken`ல காணாம போச்சு, அந்த இடம் கடிச்சு எடுத்த மாதிரி இருக்கு. கைடு லைன விட நல்லா உள்ள வந்துடுச்சு.

ராத்திரி_ரீடச்சர்
அது நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். லைட் பட்ட சுருள் மெரூன விட வெளிச்சம்தான, அதையும் `Darken` தின்னுடும். லைட் பக்கம் மட்டும் லேயருக்கு மாஸ்க் போட்டு அந்தச் சுருள திரும்பக் கொண்டு வாங்க, அங்க சின்ன ப்ரஷ்ல நுனிகள மட்டும் 40% ஒபாசிட்டில மங்க வச்சா போதும், முழுசா அழிக்க வேணாம்.

அப்புறம்தான் சுருளத் தூக்கற வேலை. ரெண்டு கர்வ்ஸ் லேயர், ஒண்ணு ஏத்தறது ஒண்ணு இறக்கறது, ரெண்டு மாஸ்க்கும் கருப்பு, ப்ரஷ் ஃப்ளோ 3 இல்ல 4%. முதல்ல இறக்கற லேயர எடுங்க. ஒரு கொத்து இன்னொரு கொத்துக்கு அடியில போற பள்ளம், சுருள் உள்பக்கம் திரும்பற இடம், இதுங்கள மட்டும் நாலஞ்சு தடவ லேசா தடவுங்க, பாதி சுருள் அதுலயே பிரிஞ்சு நிக்கும். அதுக்கப்புறம் வளைவோட முதுகுல ஏற்கனவே விழுந்திருக்கற வெளிச்சத்த மட்டும் கொஞ்சம் ஏத்துங்க, இல்லாத இடத்துல புதுசா போடாதீங்க, நுனி முதல் அடி வரைக்கும் ஒரே கோடா இழுக்காதீங்க, இழுத்தா இடியாப்பம் மாதிரி கம்பி கம்பியா வரும். இது முடிஞ்சப்புறம் உள்பக்கம் மட்டும் டெக்ஸ்சர் +15 போட்டுக்கலாம், இப்ப எரியறதுக்கு வெளிய ஒண்ணும் இல்ல.

கர்லி_கயல்
முன்னாடி படிக்காம பதில் போட்டுட்டேன், மன்னிச்சுக்கோங்க. ஆனா இதப் படிச்சதும் என் தங்கச்சி ஞாபகம் வந்துச்சு. எனக்குக் கொத்து கொத்தா சுருளும், அவளுக்கு ரொம்ப நெருக்கமான சுருட்டை, தனிக் கொத்துன்னு ஒண்ணு கண்ணுக்கே தெரியாது, தலையச் சுத்தி மேகம் மாதிரி நிக்கும். அவ கல்யாண ஆல்பத்துல ஓரத்த எல்லாம் எடுத்து உள்ள செயற்கையா வளையம் வளையமா வரைஞ்சு குடுத்தாங்க, அவ இன்னைக்கு வரைக்கும் அந்த ஆல்பத்த யாருக்கும் காட்டறதில்ல. அவளுக்கு அந்த ஓரம்தான் முடி. நுனி அந்தரத்துல நின்னா ஃப்ரிஸ்னு சொல்றீங்களே, அவ தலையில எல்லா நுனியும் அந்தரத்துலதான் நிக்குது.

ராத்திரி_ரீடச்சர்
நீங்க சொல்றது சரிங்க, என் கணக்கு உங்க தங்கச்சி முடிக்கு செல்லாது. அந்த மாதிரி முடிக்கு நான் ஓரத்தையே தொடமாட்டேன், ராவுல வெளிச்சத்த மட்டும் இறக்கி, மூட்டத்துக்கு வெளிய தனியா ஓடிப் போன ஒண்ணு ரெண்ட எடுப்பேன். உள்ள பள்ளமும் வரையக் கூடாது, ஏன்னா அங்க பள்ளமே இல்ல. தம்பி படத்துல கொத்து கண்ணுக்குத் தெரியுதுங்கறதாலதான் அவ்வளவும் சொன்னேன்.

ஃபாஸ்ட்_எடிட்ஸ்
சரி பள்ளத்த இருட்டறத ஒரு படத்துல ட்ரை பண்ணேன், இருபது நிமிஷம் ஆச்சு. ஸ்லைடர விட நல்லா இருக்கு, அத மறுக்கல. ஆனா கவர் போட்டோக்கும் பெரிய பக்கத்துக்கும்தான் இது, மீதிக்கு நான் ஸ்லைடர்தான்.

பழைய_ஸ்டுடியோ
லென்ஸ்தம்பி, வலது பக்கம் பேக்ட்ராப்ப பாருங்க, க்ளோன் பண்ண இடத்துல க்ரெய்ன் செத்துக் கிடக்குது, மெழுகு தடவின மாதிரி. ப்ரிண்ட்ல அது முடிய விட முன்னாடி தெரியும். அந்த இடத்துல மட்டும் 1, 2% நாய்ஸ் ஒரே கலர்ல போடுங்க. இடது பக்க ஓர வெளிச்சம் இன்னும் கூட இருக்கலாம்னுதான் நான் இப்பவும் சொல்லுவேன்.

லென்ஸ்தம்பி
நாய்ஸ் போட்டுட்டேன் அண்ணே. முன்னாடி விழற கொத்துல ஏழு வளைவு இருந்துச்சு, இப்பவும் ஏழு. இடது ஓரம் ரெண்டு மாதிரியும் பண்ணி வச்சிருக்கேன், நீங்க சொன்னதும் அக்கா சொன்னதும், ரெண்டையும் 18 இன்ச்லயே ப்ரிண்ட் போட்டு அவங்ககிட்டயே காட்டப் போறேன்.