மூன்றாம் கம்பிக்கு என்ன பெயர்?

உப்புவெளி, தொழிற்பயிற்சி ஆசிரியர்:
வணக்கம். தமிழ்மூல மாணவருக்கான கையேடு வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. மூன்று கம்பித் தடை வெப்பமானிப் பாடத்தில் ஒரு சொல் இல்லாமல் நிற்கிறேன். உணரியிலிருந்து வரும் மூன்று கம்பிகளில் வெள்ளை ஒன்று, சிவப்பு இரண்டு. கூடுதலாக வரும் சிவப்புக்கு ‘ஈடுசெய்கம்பி’ என்று போட்டிருக்கிறேன். சரிதானே? பழைய குறிப்பொன்றில் இணைப்புக் கம்பியை ‘ஈயக் கம்பி’ என்று எழுதியிருந்தார்கள். அதை மட்டும் ஒருவரும் முன்மொழிய வேண்டாம்.

மூதூர், தமிழாசிரியர்:
படு பாடு ஆவதுபோல இடு ஈடு ஆனது. முதனிலை திரிந்த தொழிற்பெயர், அழகான சொல். ஆனால் எங்கள் பக்கத்தில் ஈடு என்றால் காணி உறுதியை வைத்துக் காசு வாங்குவது. அடகுக் கம்பி என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். ‘நிகர்’ நல்லது. ஒப்பாதலும் அதுதான், போரும் அதுதான். அந்தப் போர்ப்பொருள் எப்படி வந்தது என்று தனியாக எழுதுகிறேன்.

உவர்மலை, ஓய்வுபெற்ற கருவிப் பொறியியலாளர்:
தம்பி, ஈடுசெய்கம்பி வேண்டாம். வெப்பவிணைக்குப் போடும் கேபிளுக்கு அந்தப் பெயரை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். களஞ்சியத்தில் கேட்டால் அதைத்தான் எடுத்துத் தருவார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், ஈடுசெய்வது மூன்றாம் கம்பியே அல்ல.

0.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி 40 மீற்றர் ஓடுகிறது என்று வையுங்கள். ஒரு கம்பியின் தடை ஏறக்குறைய 1.4 ஓம். 100 ஓம் பிளாற்றினம் ஒரு பாகைக்கு 0.385 ஓம் கூடும். இரண்டே கம்பி என்றால் 2.8 ஓமும் வெப்பநிலையாகக் கணக்கில் ஏறி, 30 பாகைத் தொட்டி 37க்கு மேல் காட்டும்.

தடைகளை ஒப்பிடும் பாலச் சுற்றில் வெள்ளைக் கம்பி உணரியோடு ஒரு புயத்தில் இருக்கிறது. ஒரு சிவப்பு அடுத்த புயத்தில், மாறுதடையோடு இருக்கிறது. மற்றச் சிவப்பு வழியாக மின்கலம் உணரியின் முனைக்கு நேரே போகிறது. பாலத்தின் மற்ற இரண்டு புயங்களின் தடைகளும் சமம் என்றால், கல்வனோமானி பூச்சியம் காட்டும்போது இந்த இரு புயங்களும் சமம்:

```
Rt + r1 = R + r2
```

`Rt` உணரியின் தடை, `R` மாறுதடை, `r1` வெள்ளையின் தடை, `r2` மாறுதடைப் பக்கச் சிவப்பின் தடை. `r1`உம் `r2`உம் ஒன்றானால் `Rt = R`. மின்கலத்துக்குப் போகும் சிவப்பின் தடை இந்தச் சமன்பாட்டில் வரவே இல்லை. அது மின்னோட்டத்தைச் சற்றுக் குறைக்கும், அவ்வளவுதான்.

சீனக்குடா, மின்னணுப் பராமரிப்பு:
ஐயா, எங்கள் காட்டி மூன்றாம் கம்பியால் கம்பித்தடையை அளந்து கழிக்கிறது. அப்படித்தான் கைநூலில் இருக்கிறது. ஆகவே ‘அளகம்பி’ பொருந்தும்.

உவர்மலை:
உங்கள் எண்முறைக் காட்டிக்கு அது சரி. பாலம் எதையும் அளந்து கழிப்பதில்லை, இரண்டு பக்கமும் ஒரே சுமையை ஏற்றிவிடுகிறது. அதுகூடச் சமநிலையில்தான் முழுதாகச் சரி. 100 ஓம் புயங்களை வைத்து 0 பாகையில் சமன்செய்துவிட்டு, பிறகு ஊசி விலகலை வாசித்தால், இதே கேபிளில் 100 பாகை சற்றுக் குறைவாகத் தெரியும்.

குளிரறை வைத்திருப்பவர், திருகோணமலை:
பெயர் எதுவானாலும் சரி. என்னுடைய மீன் அறையில் கண்ணாடி வெப்பமானி −18, பாலம் −19. உணரி செத்துவிட்டதா?

உவர்மலை:
உணரியைக் கழற்றாதீர்கள். குறைவாகக் காட்டுவதால், மாறுதடைப் பக்கச் சிவப்பில் தடை கூடியிருக்கலாம். கடற்காற்றில் கம்பி நுனி பச்சை பிடித்து 0.4 ஓம் ஏறினாலே ஒரு பாகை போய்விடும். வெள்ளையில் ஏறியிருந்தால் கூடுதலாகக் காட்டியிருக்கும். கருவிப் பக்கத்தில் இரு சிவப்புகளையும் இடம் மாற்றிப் பாருங்கள். வாசிப்பு மாறினால் அவை சமமில்லை. மாறாவிட்டால் உணரியையும் வெள்ளையையும் பார்ப்போம்.

உப்புவெளி:
அப்படியானால் அடுத்த புயத்தில் இருப்பது ‘நிகர்க்கம்பி’, மின்கலத்துக்குப் போவது ‘ஊட்டுகம்பி’. சரியா?

மூதூர்:
நிகர்த்த, நிகர்க்கின்ற, நிகர்க்கும் கம்பி என்று விரியுமா, அல்லது பெயரா? வினையாகக் கொண்டால் வினைத்தொகை, வல்லினம் மிகாது, ‘நிகர்கம்பி’. பெயர் என்றால்தான் ‘க்’. முடிவு செய்யாமல் அச்சடிக்கக் கூடாது.

சீனக்குடா:
இரண்டும் ஒரே சிவப்பு. இடம் மாற்றினால் பெயரும் மாறுமா? மாணவன் குழம்புவான். நான் ‘மூன்றாம் வயர்’ என்றே சொல்லிக்கொடுப்பேன்.

உவர்மலை:
மாறத்தான் வேண்டும். பெயர் கம்பிக்கு அல்ல, அது செருகும் முனைக்கு.

குளிரறை:
மாற்றினேன், இப்போது −18 காட்டுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

உவர்மலை:
கெட்ட தொடுப்பு ஊட்டும் பக்கம் போய் ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான். திருகைக் கழற்றிக் கம்பி நுனியைச் சுரண்டிப் பூட்டுங்கள். உணரித் தலையிலுள்ள முனையையும் பாருங்கள், பழுது அங்கே இருந்தாலும் இப்படித்தான் காட்டும்.

உப்புவெளி:
‘நிகர்க்கம்பி’க்கு மூவர் ஆதரவு, ‘க்’ வேண்டாம் என்று ஒருவர், ‘வயர்’ ஒருவர். ‘க்’ உடன் அனுப்புகிறேன்.

மூதூர்:
என் மறுப்பைப் பதிவு செய்க.