அம்மாவின் நகைப் பங்கு: புதுப்பிப்பு

அன்று நான் கேட்டது: "தாலிக்கொடி 5 பவுன், அட்டிகை 4, வளையல் 4. மூன்று பிள்ளைகள் எப்படிப் பிரிப்பது?"

எடைதான் தப்பு. இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு பழைய பத்தரிடம் மூவரும் போனோம். மூன்றும் 916 தங்கமே. ஆனால் அட்டிகையைத் திருப்பி, பின்பக்கத் தகடு உப்பியிருப்பதைக் காட்டினார். உள்ளே அரக்கு. கல்லையும் அரக்கையும் கழித்தால் 32 கிராம் 24 ஆனது. சிவப்புக்கல்லுக்குத் தனி விலை இல்லை என்றார்.

ஆக 40, 24, 32. மொத்தம் 96, ஆளுக்கு 32. வளையல் எனக்குச் சரியாக வந்தது. தாலிக்கொடி எடுத்த அண்ணன், அட்டிகை எடுத்த தங்கைக்கு 8 கிராமுக்குப் பணம் தரவேண்டும். கடையில் வாங்கும் விலையா, அவர்கள் நம்மிடம் எடுக்கும் விலையா என்று இழுத்தது. செய்கூலி யாருக்கும் திரும்பாது என்பதால் எடுக்கும் விலையே நியாயம் என்றேன், ஒப்புக்கொண்டார்கள்.

"தங்கைக்குக் கல்யாணத்திலேயே போட்டாச்சே" என்றார் அண்ணன். போட்டது உண்மை. ஆனால் உயில் இல்லாதபோது மகனும் மகளும் சமம், இங்கே எங்களுக்கான சட்டம் அப்படித்தான். சின்னம்மாவோ தன் வளையல் அடகில் மூழ்கிய கதையையே சொல்லிக்கொண்டிருந்தார்.

குத்துவிளக்கு இன்னும் அம்மா வீட்டில்தான் இருக்கிறது. மூவருக்கும் வேண்டும்.