புதுப்பிப்பு: கார் பாலிசியில் ஐ.டி.வி. எவ்வளவு வைத்தேன்

என் பழைய கேள்வி: "7 வருஷ கார், ஆன்லைன்ல ஐ.டி.வி. 2.8 லட்சத்துலேர்ந்து 3.5 லட்சம் வரைக்கும் வைக்கலாம்னு காட்டுது, எதை வைக்கறது?"

ஐ.டி.வி. என்றால் பாலிசியில் காருக்குக் குறிக்கும் காப்பீட்டு மதிப்பு. 3.5 லட்சம் வைத்தேன். இரண்டுக்கும் நடுவே பிரீமியம் வித்தியாசம் ஜி.எஸ்.டி. சேர்த்தே 700 ரூபாய்க்குள்தான், ஏனென்றால் ஐ.டி.வி. நம் கார் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதியை மட்டும்தான் ஏற்றி இறக்கும், அதிலும் கிளெய்ம் கேட்காததற்கான நோ கிளெய்ம் போனஸ் எனக்கு 50 சதவீதம் கழிகிறது. தர்டு பார்ட்டி தொகை இன்ஜின் சி.சி.யைப் பொறுத்தது, அது அசையவே இல்லை.

ராணிப்பேட்டை நண்பர் "ஐ.டி.வி. ஏத்தினா எந்த கிளெய்முக்கும் கூட வரும்" என்றார். பாதி சரி. கார் திருடு போனாலோ முழுசாகப் போனாலோதான் அது. பம்பர் உடைந்தால் 2.8-க்கும் 3.5-க்கும் ஒரே காசு, பிளாஸ்டிக்குக்குப் பாதி தேய்மானம் கழிப்பார்கள்.

கிளெய்முக்குச் சேதத்தை மதிப்பிடும் சத்துவாச்சாரி சர்வேயர் அண்ணன் சொன்னதுதான் முக்கியம்: ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்புக் கணக்கு, ரிப்பேருக்குப் பதில் ஐ.டி.வி. தொகையைக் கொடுத்து முடித்துவிடுவார்கள். பாலாற்று வெள்ளம் மாதிரி ஒன்றில் தண்ணீர் புகுந்து 2.2 லட்சம் எஸ்டிமேட் வந்தால், 2.8 வைத்தவருக்கு எல்லை 2.1-தான், நல்ல வண்டியும் கையைவிட்டுப் போய்விடும். 3.5 வைத்தவருக்கு 2.62 வரை ரிப்பேர்தான், ஆனால் தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் கவர் இல்லையென்றால் அந்தத் தேய்மானம் நம் தலையில்.

5 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐ.டி.வி. கணக்கிடத் தேய்மான அட்டவணை கிடையாது, கம்பெனியோடு பேசி ஒத்துக்கொள்வதுதான். சந்தை விலைக்கு மேலே வைத்தால் கிளெய்மில் தகராறு வருமா என்பதில் அண்ணனுக்கும் ஏஜென்டுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.