மூன்று புள்ளி வேண்டாம் என்று சொன்ன கேப்டனை நேரில் பார்த்தவர்கள் உண்டா?

குரொய்டன்வாசி

2015 செப்டெம்பர் 19, பிரைட்டன், றக்பி உலகக் கோப்பை, ஜப்பான் - தென்னாபிரிக்கா. முடிவு எல்லோருக்கும் தெரியும், நேராகக் கடைசிக்கு வருகிறேன். 32-29 என்று தென்னாபிரிக்கா முன்னால் நிற்கிறது. கோட்டுக்குப் பக்கத்தில் ஜப்பானுக்கு பெனால்டி. அவர்களுக்கு உதைக்கிற கோரோமாரு அன்று நல்ல ஃபார்ம். உதைத்தால் மூன்று புள்ளி, ஆட்டம் சமன். தென்னாபிரிக்காவோடு சமன் செய்தாலே ஜப்பானுக்கு அது பெரிய விஷயம். எனக்கு முன்வரிசையில் தென்னாபிரிக்காவின் பச்சைச் சட்டை போட்ட ஒருவர் "சரி, மூன்றை எடுத்துக்கொண்டு போங்களடா" என்கிற மாதிரி கையை வீசிக்கொண்டிருந்தார். ஜப்பான் கேப்டன் லீச் ஸ்க்ரம் கேட்டார். அந்த மனிதரின் கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு ஹெஸ்கெத் இடது மூலையில் ட்ரை போட்டு விழுந்தார், ஜப்பானுக்கு 34-32.

சரியாக ஒரு வாரம் கழித்து ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்து வேல்ஸிடம் 25-28 என்று தோற்றது. கடைசியில் இங்கிலாந்து கேப்டன் ராப்ஷாவும் அதே மாதிரி மூன்றை விட்டுவிட்டு மூலைக்கு அடிக்கச் சொன்னார். லைன் அவுட்டில் பந்தைப் பிடித்தவரையே வேல்ஸ்காரர்கள் கோட்டுக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். லீச் வீரன், ராப்ஷா முட்டாள் என்று பத்திரிகைகள் எழுதின. இரண்டும் ஒரே முடிவுதானே? இன்றைக்கும் மனசு ஒப்பவில்லை.

நித்தவளை ஏழு

கேப்டன் கதை என்னிடம் இல்லை. ஆனால் அந்தப் பெனால்டி எங்கே பிறக்கிறது என்று கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். கண்டியில் மழை நாள் ஒன்று, நான் ஓப்பன் சைட் ஃப்ளாங்கர். எதிரணி விங்கர் தன் பாதியிலிருந்து பந்தோடு பறந்தான். எங்கள் ஆட்கள் மூன்று பேரைக் கழற்றிவிட்டான், மைதானமே எழுந்து நின்றது. கடைசியில் எங்கள் ஃபுல்பேக் காலில் பிடித்து விழுத்தினான்.

பிரச்சினை என்னவென்றால், அவன் ஓட்டம் அவ்வளவு வேகம். றக்பியில் பந்தை முன்னுக்கு எறிய முடியாது, ஆகவே துணைக்கு வருகிறவன் எப்போதும் பின்னால்தான் வருவான். முன்னால் ஓட ஓட அவன் தனியன் ஆகிறான். நான் காலில் நின்றபடி குனிந்து பந்தில் இரண்டு கையையும் வைத்தேன். சேற்றுக்குள் அவன் விரல்கள் பந்தைச் சுற்றி இறுகி இருந்தன, என் விரல் அவன் நகத்துக்கு மேல். விழுந்தவன் உடனே விடவேண்டும், அவனுக்கும் தெரியும். விட்டால் பந்து எனக்கு, விடாவிட்டால் விசில். அவன் "வாங்கடா" என்று கத்தினான், யாரும் வந்து சேரவில்லை. விசில், பெனால்டி எங்களுக்கு.

ஐம்பது மீற்றர் அழகாக ஓடிய பெடியனுக்குக் கிடைத்தது இதுதான். அடுத்த பாதி முழுக்க அவர்கள் தங்கள் பாதியில் பந்து கிடைத்ததும் உதைத்துத் தள்ளினார்கள். பார்க்கிறவர்கள் "ஏன் இப்படி உதைக்கிறார்கள், ஓடுங்களேன்" என்று புலம்பினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆக்லாந்து அகதி

பந்து முன்னுக்குப் போகக்கூடாது என்று சொல்கிறீர்கள், 2007 கார்டிஃப் காலிறுதியை மறந்துவிட்டீர்களா? பிரான்ஸ் 20, நியூசிலாந்து நாங்கள் 18. பிரான்ஸின் கடைசி ட்ரைக்கு முன் அவர்களின் மிஷலாக்குக்கு வந்த பாஸ் பச்சையாக முன்னுக்குப் போனது, திரையில் புல்லின் கோடுகளை வைத்துப் பார்த்தாலே தெரியும். கையை விட்ட கோட்டைத் தாண்டிப் பிடித்தால் அது ஃபார்வர்ட் பாஸ், அவ்வளவுதான் சட்டம். இந்த நாட்டில் அந்த இரவைப் பற்றி இன்றும் டீ குடிக்கும்போது பேசுவார்கள். விசில் ஊதாமல் விட்ட அந்த ஒரு நொடிதான் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

விசில்காரர்

பள்ளி ஆட்டங்களுக்கு நடுவராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆக்லாந்து நண்பரே, பாதிதான் சரி. அந்தப் பாஸ் தப்பு என்று நானும் நினைக்கிறேன், ஆனால் நீங்கள் சொன்ன காரணத்துக்காக அல்ல. முழு வேகத்தில் ஓடுகிறவன் பந்தை நேர் பக்கமாக விட்டாலும், அவன் ஓட்டத்தின் வேகம் பந்தோடு சேர்ந்து போகும். பிடிப்பவன் இரண்டு மீற்றர் முன்னால்கூடப் பிடிக்கலாம், அது தவறல்ல. விட்ட கை எந்தப் பக்கம் திரும்பியது என்றுதான் பார்க்க வேண்டும். புல்லின் கோட்டைப் பார்த்தால் நல்ல பாஸையும் குற்றம் சொல்லிவிடுவோம். ஓடிக்கொண்டே பார்க்கும் நடுவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று மைதானத்தில் நின்றால் தெரியும்.

குரொய்டன்வாசிக்கு: இரண்டும் ஒரே முடிவு இல்லை. ஸ்க்ரம் என்றால் இரண்டு பக்கத்தின் ஃபார்வர்ட் ஆட்கள் எல்லோரும் ஒரே இடத்தில் பூட்டிக்கொள்வார்கள், மற்ற இடமெல்லாம் வெளி. அதுவும் தென்னாபிரிக்காவின் ஊஸ்தைஸன் மஞ்சள் அட்டை வாங்கி வெளியே இருந்தார், ஒரு ஆள் குறைவு. பந்து ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தபோது இடது மூலையில் காவலுக்கு ஆள் பத்தவில்லை. ராப்ஷா போனது கோட்டோரத்து லைன் அவுட்டுக்கு. அங்கே கோடே எதிரணிக்கு ஒரு கூடுதல் ஆள் மாதிரி, தள்ளிவிட்டால் முடிந்தது கதை. அதிலும் பந்தை வரிசையின் முன்னாலேயே எறிந்தார்கள், கோட்டுக்கு மிகக் கிட்டே.

இன்னொன்று. அன்று தோற்ற தென்னாபிரிக்காவுக்கும் இரண்டு போனஸ் புள்ளி. நான்கு ட்ரை போட்டதற்கு ஒன்று, ஏழு புள்ளிக்குள் தோற்றதற்கு ஒன்று. ஜப்பான் அந்தப் பிரிவில் மூன்று ஆட்டம் வென்றது, போனஸ் ஒன்றுகூட இல்லை, 12 புள்ளியோடு வீட்டுக்குப் போனது. வெற்றி உறுதியான பிறகும் நான்காவது ட்ரைக்காக மூலை மூலையாக அடிக்கும் அணிகளைப் பார்த்து ஏன் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

ஹரோ அம்மா

என் மகன் பள்ளியில் விளையாடுகிறான். போன மாதம் ஒருத்தன் நெஞ்சுக்கு மேல் பிடித்து ஆட்டினான், மகன் தலை பின்னால் போனதை என் கண்ணால் பார்த்தேன். சரி, அது போகட்டும்.

நீங்கள் எல்லோரும் புள்ளியைப் பற்றியே பேசுகிறீர்கள். 2023-இல் இங்கிலாந்தில் கிளப், பள்ளி ஆட்டங்களுக்கு டேக்கிள் உயரத்தை மார்பெலும்புக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். பிரான்ஸ் அதற்கு முன்பே இடுப்பு வரைக்கும் கொண்டு வந்தது. இதனால் பிள்ளைகளுக்கு நல்லது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் ஆட்டமும் மாறிவிடுகிறது. முன்பு பெரிய பையன்கள் பந்தோடு சேர்த்துக் கட்டிப்பிடிப்பார்கள், பந்து வெளியே வராது. இப்போது காலைப் பிடிப்பதால் பந்து வைத்திருப்பவனுக்கு இரண்டு கையும் சும்மா இருக்கிறது, விழுந்துகொண்டே பக்கத்தில் வருபவனுக்குக் கொடுத்துவிடுகிறான். அதனால் பெற்றோர் கேட்க வேண்டியது: பயிற்சியாளர் கால் பிடிக்கும்போது தலையை எந்தப் பக்கம் வைக்கச் சொல்கிறார்? எதிராளியின் பின்பக்கம் இருக்க வேண்டும், முன்னால் அல்ல. முன்னால் வைத்தால் முழங்கால் நெற்றியில் இடிக்கும். கண் திறந்திருக்க வேண்டும், கையால் சுற்றிப் பிடிக்க வேண்டும், தோளால் மட்டும் இடிக்கக்கூடாது. ஆளைப் பார்த்துக் குனியாமல் இடுப்பைப் பார்த்து முழங்கால் மடக்கச் சொல்லுங்கள். பல் காப்பு இல்லாமல் மைதானத்துக்குள் விடவே வேண்டாம்.

நித்தவளை ஏழு

அக்கா, நீங்கள் சொல்வது சரிதான், ஆனால் குரொய்டன்காரர் கேட்டது வேறு. கால் பிடித்தால் கை சும்மா இருக்கும் என்பதைப் பற்றி மட்டும் ஒன்று. எங்கள் ஃபுல்பேக் பிடித்ததும் காலில்தான். அந்த விங்கருக்குக் கை இருந்தது, கொடுக்க ஆள் இல்லை.

ஆக்லாந்து அகதி

விசில்காரரே, ஓட்ட வேகம் என்று எல்லாவற்றையும் மன்னித்துவிடுவீர்கள் போல. அந்த இரவு ஆடியவர் எங்களவர்தானே, அதையும் சொல்கிறேன்: இரண்டு புள்ளி பின்னால் இருந்துகொண்டு நிமிடக் கணக்கில் முட்டி முட்டிப் பார்த்தார்கள். நெருங்கிப் போய் ஒரு டிராப் கோல் அடித்திருந்தால் மூன்று புள்ளி, ஆட்டம் எங்களுடையது. மக்காலிஸ்டர் அடித்தது தூரத்திலிருந்து, அதுவும் போகவில்லை. அப்போது ஏன் யாரும் கேட்கவில்லை?

விசில்காரர்

பெனால்டி கிடைக்கும் என்று காத்திருந்திருப்பார்கள். டிராப் கோல் தவறினால் பந்து எதிரணிக்கு, பிடித்து வைத்துக்கொண்டிருந்தால் தற்காக்கிறவன் கையை வைத்துத் தப்புச் செய்ய வாய்ப்பு. அன்று அந்த விசில் வரவே இல்லை.

குரொய்டன்வாசி

ஸ்க்ரம், லைன் அவுட் விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ராப்ஷாவின் பெனால்டி கோட்டோரத்தில், கோணம் கஷ்டம். தவறினால் மூன்றும் இல்லை, மூலையும் இல்லை. அதை ஏன் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை?